ஆப்டிட்யூட் டெஸ்ட்: நாட்டமா, தகுதியா, திறனா?

கல்லூரி வளாகத்துக்கு நிறுவனம் ஆள் எடுக்க வரும் நாளில் பெரும்பாலும் முதலில் நடப்பது 'ஆப்டிட்யூட் ரவுண்டு'. கணக்கும் தர்க்கமும் முடிந்ததும் சில இடங்களில் அதே திரையில் 'பெர்சனாலிட்டி டெஸ்ட்' திறக்கும். இரண்டையும் 'டெஸ்ட்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால், முதலாவதற்குத் தயாரானது போலவே இரண்டாவதற்கும் 'சரியான விடை' தேடுகிறார்கள். அங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

ஆப்டிட்யூட் என்பதன் வேர் 'ஆப்டஸ்' என்ற லத்தீன் சொல். பொருந்தியது, ஏற்றது என்று பொருள். மனப்போக்கைக் குறிக்கும் 'ஆட்டிட்யூட்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்ததுதான். தமிழில் உளவியல் பாடநூல்கள் ஆப்டிட்யூட்டை 'நாட்டம்' என்றும் 'உளச்சார்பு' என்றும் எழுதுகின்றன. எனக்கு 'நாட்டம்' ஒப்பவில்லை. இசையில் நாட்டம் உள்ளவருக்குப் பாட வராமல் இருக்கலாம்; நாட்டம் விருப்பத்தைச் சொல்கிறது, இந்தத் தேர்வு அளப்பது விருப்பத்தை அல்ல. வேர்ப்பொருளுக்கு மிக நெருங்கியது 'தகு' என்பதிலிருந்து வரும் 'தகுதி'. ஆனால் ஆசிரியர் தகுதித் தேர்வு போன்ற பெயர்களில் அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. அதனால் மக்கள் வழக்கில் நிலைத்த 'திறனறி தேர்வு' என்பதே நல்ல சொல்.

சரி, அது எந்தத் திறனை அறிகிறது? ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்திலும் இன்னொன்று 12 மணி நேரத்திலும் நிரப்பினால், இரண்டும் சேர்ந்து எவ்வளவு நேரத்தில் நிரப்பும்? ஒரு மணி நேரத்தில் முதல் குழாய் ஆறில் ஒரு பங்கும் மற்றது பன்னிரண்டில் ஒரு பங்கும் நிரப்பும். கூட்டினால் நான்கில் ஒரு பங்கு. ஆக 4 மணி நேரம். கணக்கு எளிதுதான், கடினம் நேரத்தில் இருக்கிறது. இந்த வகையை முன்பே பார்த்தவர் சில நொடிகளில் முடித்துவிடுவார். முதன்முறை பார்ப்பவர் யோசித்துக்கொண்டிருப்பார். அதனால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழைய மாதிரித் தாள்களைப் போட்டுப் பார்ப்பது முழுக்க நேர்மையான தயாரிப்பு. தவறான விடைகளை மட்டும் தனியே குறித்து, கணக்கு தெரியவில்லையா, அவசரத்தில் பிழையா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வேறு வேறு பயிற்சி வேண்டும்.

அடுத்தது பெர்சனாலிட்டி. நாடக நடிகர் அணியும் முகமூடிக்கு லத்தீனில் 'பெர்சோனா' என்று பெயர். சொல் அங்கிருந்து வந்தது. தமிழில் 'ஆளுமை'. ஆனால் இதை ஆளுமைத் தேர்வு என்று சொல்வதைவிட 'ஆளுமை வினாநிரல்' என்பதே பொருத்தம், ஏனென்றால் இதில் சரி, தவறு என்று விடை கிடையாது. இரண்டும் ஒன்றாகவே பேசப்படுவதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு 1917-இல் 'ஆர்மி ஆல்ஃபா' என்ற அறிவுத்திறன் தேர்வு உருவானது. மனம் குலையக்கூடிய வீரர்களை முன்கூட்டியே கண்டறிய உளவியலாளர் உட்வொர்த் தயாரித்த வினாநிரலும் அதே போரில் பிறந்ததுதான்.

இன்றைய வினாநிரல் பெரும்பாலும் கூற்றுகளைத் தந்து, 1 முதல் 5 வரை எவ்வளவு ஒத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கும். பொறுப்புணர்வுக்கு நான்கு கூற்றுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'திட்டமிட்டு வேலை செய்வேன்', 'சொன்ன நாளில் முடிப்பேன்' என்ற இரண்டும் நேர்க்கூற்றுகள். 'கடைசி நேரத்தில்தான் தொடங்குவேன்', 'பொருள்களைக் கண்ட இடத்தில் வைப்பேன்' என்ற இரண்டுக்கும் மதிப்பெண் தலைகீழாகப் போடப்படும்: 5 என்றால் 1, 2 என்றால் 4. படிக்காமல் எல்லாவற்றுக்கும் 5 போட்டவருக்கு 5, 5, 1, 1 என்று 12 வரும். 4 முதல் 20 வரையான அளவில் அது சரியாக நடுப்புள்ளி. உள்ளபடி 4, 4, 2, 2 என்று குறித்தவருக்கு 16 வரும்.

கவனமாகப் படித்து நடிப்பவர் 20 வாங்க முடியும், அதை மறுக்க முடியாது. அதற்காகவே சில வினாநிரல்களில் 'நான் ஒருபோதும் கோபப்பட்டதில்லை' போன்ற கூற்றுகளை இடையிடையே வைப்பார்கள். எல்லாவற்றையும் அப்படி ஒத்துக்கொண்டால் பதில்கள்மீது சந்தேகம் வரும். அப்புறம் நேர்காணலில், 'திட்டமிட்டு முடித்த வேலை ஒன்றைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் கைவசம் சம்பவம் இருக்க வேண்டும்.

ஆகவே இதற்குப் பயிற்சி வினாக்கள் தேவையில்லை. வீட்டில் எப்படி இருப்பேன் என்று நினைக்காமல், புராஜெக்ட்டில், பகுதிநேர வேலையில், கல்லூரி விழா ஏற்பாட்டில் எப்படி நடந்துகொண்டேன் என்று இரண்டு மூன்று நிகழ்வுகளை முந்தைய நாள் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு கூற்றிலும் 'இல்லை', 'அரிதாக' என்ற சொற்களைக் கவனித்துப் படித்து, அந்த நிகழ்வுகளை மனதில் வைத்துப் பதில் குறியுங்கள்.