சாம்பிள் குறைவு என்று எழுதினால் போதுமா? களப்பணி அறிக்கை திருத்தும் ஒருத்தியின் புலம்பல்

இந்த வருடமும் களப்பணி அறிக்கைக் கட்டு வந்துவிட்டது. இளங்கலைப் புவியியல், 31 அறிக்கைகள், எல்லாம் தங்க எழுத்து அட்டையில் பைண்டிங். வெளித் தேர்வாளராக இப்படிப் பல கட்டுகளைப் பார்த்துவிட்டேன். வைவாவுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து புரட்டும்போது ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. "நேரக் குறைவால் குறைந்த சாம்பிள்களே எடுக்கப்பட்டன, அதிக சாம்பிள்கள் எடுத்திருந்தால் முடிவு இன்னும் துல்லியமாக இருந்திருக்கும்." எண்ணிப் பார்த்தேன், 24 அறிக்கைகளில் இருந்தது. இரண்டில் எழுத்துப்பிழைகூட ஒன்றேதான்.

அதில் ஒரு அறிக்கையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பையன் கெட்டிக்காரன், உழைத்திருக்கிறான். அதனால்தான் எரிச்சல் கூடுதல்.

தலைப்பு, நொய்யல் கரையோர நிலத்தடி நீரில் சாயக்கழிவின் தாக்கம். ஒரத்துப்பாளையம் அணைக்கு மேற்கே ஒரு துண்டுப் பகுதியை எடுத்துக்கொண்டு, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நவம்பரில் இரண்டு சனிக்கிழமை பைக்கில் சுற்றியிருக்கிறான். மொத்தம் 18 இடம். ஆற்றிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் 10, இரண்டு கிலோமீட்டர் தாண்டி 8. பக்கத்தில் உள்ளவற்றின் சராசரி லிட்டருக்கு 2,150 மில்லிகிராம், தூரத்தில் உள்ளவற்றின் சராசரி 1,080. வித்தியாசம் 1,070. முடிவுரை: "ஆற்றை ஒட்டிய நிலத்தடி நீர் சாயக்கழிவால் இருமடங்கு மாசடைந்துள்ளது நிரூபணமாகிறது."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்னிணைப்புக்குப் போனேன். (திருத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பின்னிணைப்பை முதலில் படியுங்கள். முடிவுரையைப் படித்துவிட்டுப் போனால் அதுவே கண்ணைக் கட்டிவிடும்.) அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் எதிரில், ஆழ்துளைக் கிணறென்றால் 'போர்', திறந்த கிணறென்றால் 'கிணறு' என்று நேர்மையாகக் குறித்திருந்தான். ஆற்றோரத்து 10இல் 9 போர், ஒன்றே ஒன்று கிணறு. தூரத்து 8இல் 6 கிணறு, இரண்டு போர்.

வைவாவில் கேட்டேன். "ஏங்கண்ணு, ஆத்தோரம் கிணறே இல்லையா?"

"இருக்குதுங்க மேம். ஆனா போருன்னா மோட்டர் போட்டு விட்டாங்கன்னா டம்ளர்ல புடிச்சுக்கலாமுங்க. கிணத்துக்குக் கவுறு வேணுமுங்க, வாளி வேணுமுங்க. அந்தப் பக்கம் தோட்டத்துல நாயி வேற."

"அப்பறம் தூரத்துல மட்டும் எப்படிக் கிணறு எடுத்தே?"

"அது எங்க பெரியம்மா ஊருங்க மேம்."

இதுதான் சாம்பிளின் கதை. அவன் அறிக்கையில் இது 'சமவாய்ப்பு முறை' என்ற பெயரில் இருக்கிறது. கண்ணில் பட்டதை எடுப்பதற்குச் சமவாய்ப்பு என்று பெயர் இல்லை. சமவாய்ப்பு என்றால் அந்தப் பகுதியின் கிணறு, போர் எல்லாவற்றையும் முதலில் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் தேர்வாக ஒரே அளவு வாய்ப்பு கொடுத்து, குலுக்கி எடுப்பது. நாய் இருக்கும் தோட்டமும் அந்தக் குலுக்கலில் இருக்கவேண்டும்.

சரி, இதனால் என்ன கெட்டுப்போனது? அவன் கண் முன்னாலேயே ஒரு காகிதத்தில் நான்கு கட்டம் போட்டு அவன் எண்களையே பிரித்து எழுதினேன். ஆற்றோரப் போர் ஒன்பதின் சராசரி சுமார் 2,250. தூரத்துப் போர் இரண்டின் சராசரி 1,940. ஆற்றோரக் கிணறு ஒன்று, 1,240. தூரத்துக் கிணறு ஆறின் சராசரி சுமார் 790. போரைப் போரோடு ஒப்பிட்டால் 1,070 என்று நின்ற வித்தியாசம் 310 ஆகச் சுருங்குகிறது. கிணற்றைக் கிணற்றோடு ஒப்பிட்டால் 450, அதுவும் ஒரு பக்கம் ஒற்றைக் கிணற்றை வைத்துக்கொண்டு. 'இருமடங்கு' எங்கே போச்சு? அதில் பெரும்பகுதி ஆற்றுக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தால் வந்ததே இல்லை, போருக்கும் கிணற்றுக்கும் உள்ள வித்தியாசம். நம் கொங்குச் சீமையில் கீழே கெட்டிப் பாறை. அந்த வெடிப்புகளில் நெடுநாள் தங்கிய தண்ணீர் பாறையின் உப்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். ஆழப் போர்த் தண்ணீர் சாயப்பட்டறையே இல்லாத ஊரிலும் உப்புக் கரிப்பதை வீட்டில் குடிப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். கிணற்று நீர் மேல்மட்டத்து நீர், நவம்பர் மழைக்கு இளகியும் இருக்கும்.

இன்னொன்று. அந்தத் தூரத்து ஊர் கீழ்பவானிப் பாசனத்தில் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கிணறு ஊறும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக்கூடாது என்று விவசாயிகள் போராடியதே அந்தக் கசிவு நீருக்காகத்தான். ஆக அவன் 'மாசில்லாத கிணறு' என்று எடுத்துக்கொண்டது பவானி தண்ணீர் கலந்த கிணறாக இருக்கலாம். அறிக்கையில் வாய்க்கால் என்ற சொல்லே இல்லை.

இப்போது மறுபடி அந்த 24 அறிக்கை வாக்கியத்துக்கு வாருங்கள். அதிக சாம்பிள் எடுத்திருந்தால் சரியாகியிருக்குமா? ஆகாது. ஆகவே ஆகாது. இவன் இதே மாதிரி, மோட்டர் ஓடுகிற இடமாகப் பார்த்து ஆற்றோரம் 90 போரும் 10 கிணறும், தூரத்தில் பெரியம்மா ஊர்ப் பக்கம் 60 கிணறும் 20 போரும் எடுத்திருந்தாலும் அதே இருமடங்குதான் வரும். தப்பு அப்படியே இருக்கும், தைரியம் மட்டும் கூடும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையின் வாயை மட்டும் பிரித்து மேலே கிடக்கும் விரலியைப் பார்த்து விலை பேசுகிறவன், ஒரு மூட்டைக்குப் பதில் ஆயிரம் மூட்டையின் வாயைப் பிரித்தாலும் அடியில் கிடக்கும் கிழங்கைப் பார்க்கப் போவதில்லை. எண்ணிக்கை குறைவு என்பது ஒரு குறை. எடுத்த விதம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது வேறு குறை. முதலாவதை எண்ணிக்கை கூட்டிக் குறைக்கலாம். இரண்டாவதை எண்ணிக்கையால் ஒன்றும் செய்ய முடியாது, எடுக்கும் விதத்தைத்தான் மாற்றவேண்டும். மாணவர்கள் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். வழிகாட்டிகளும் அதற்கு டிக் போட்டு மதிப்பெண் தருகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பையன் சொல்ல நினைத்தது பொய் என்றும் நான் சொல்லவில்லை. 1992இல் கட்டிய அந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கிய கதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? அதனால்தான் சிக்கலே. அவனுக்கு முடிவு போகும் முன்பே தெரியும். கிணறு கிணறாகப் போய் எண்களை எடுத்து வந்தான், ஆனால் முடிவை வீட்டிலிருந்தே கொண்டு போயிருந்தான். அவன் எண்கள் வேறு மாதிரி வந்திருந்தாலும் முடிவுரை இதேதான் இருந்திருக்கும். அப்படியானால் எண்களுக்கு அங்கே என்ன வேலை?

நான் திருத்தும்போது செய்வது ஒன்றுதான். முடிவுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே, ஓரத்தில், அது எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று பென்சிலில் எழுதுவேன். இவனுடைய முடிவுரையில் ஒன்பது வாக்கியம். நான்குக்கு அட்டவணை கிடைத்தது. "உப்பு சாயத்திலிருந்து வந்தது" என்பதற்கு எதுவும் இல்லை. டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, ஒரு காரணியால் பெருக்கி, கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும். அது பட்டறை உப்பா, பாறை உப்பா, உரத்து உப்பா என்று அதற்குத் தெரியாது. அதற்குச் சோடியம், குளோரைடு, கால்சியம், மெக்னீசியம் எனத் தனித்தனியாக ஆய்வகத்தில் பார்க்கவேண்டும். அப்போதும் ஒரு எண் மட்டும் போதாது, ஆற்றில் பட்டறைகளுக்கு மேலே உள்ள ஊர்க் கிணறுகளோடு ஒப்பிடவேண்டும். "விவசாயிகளின் வருமானம் பாதித்துள்ளது" என்றும் எழுதியிருந்தான். யாரிடமும் வருமானம் கேட்டதாகக் கேள்வித்தாளில் இல்லை. "கேட்டனுங்க மேம், டீக்கடையில" என்றான்.

அடுத்தபடியாக, குறைகள் என்ற பகுதியிலிருந்து முடிவுரைக்கு ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன். குறை உண்மையானதென்றால் அது முடிவின் ஏதாவது ஒரு சொல்லையாவது மாற்றியிருக்கவேண்டும். 'நிரூபணமாகிறது' என்பது 'பொருந்துகிறது' என்றாகியிருக்கவேண்டும், 'நிலத்தடி நீர்' என்பது 'நான் அளந்த போர்கள்' என்று சுருங்கியிருக்கவேண்டும். ஒரு சொல்கூட மாறவில்லையென்றால் அந்தக் குறைப் பகுதி பைண்டிங் அட்டை மாதிரி ஒரு அலங்காரம். நான் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை.

இனி களத்துக்குப் போகப் போகிறவர்களே, நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பல தோட்டங்களில் கிணறும் போரும் இரண்டும் இருக்கும். ஒரே தோட்டத்தில் இரண்டையும் எடுங்கள். ஆற்றோரம் ஐந்து தோட்டம், தூரத்தில் ஐந்து தோட்டம், பத்து ஜோடி போதும். இவனுடைய 18ஐ விட அது எவ்வளவோ மேல். கிணற்றுக்குள்ளேயே போர் போட்டிருந்தால் தண்ணீர் கலந்திருக்கும், அதைத் தனியாகக் குறியுங்கள். ஆழம் எத்தனை அடி என்று கேளுங்கள், தோட்டக்காரருக்கு நன்றாகத் தெரியும். உள்ளே விடாதவர்களையும் எழுதுங்கள். எத்தனை பேர் மறுத்தார்கள், எங்கே என்பதும் தரவுதான். எல்லாவற்றுக்கும் மேலே, கயிறும் வாளியும் எடுத்துக்கொண்டு போங்கள், கண்ணுகளா. ஆற்றிலிருந்து கழிவு கசிந்தால் முதலில் மாறுவது ஆற்றோரத்து மேல்மட்டக் கிணறுதான். இவனுடைய கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே வகைக் கிணறு அது, அதில்தான் ஒன்றே ஒன்று எடுத்திருக்கிறான்.

வழிகாட்டிகளே, கையெழுத்தைப் போகும் முன் போடுங்கள். எந்த இடம், ஏன் அந்த இடம் என்ற பட்டியலில். அச்சடித்து வந்த பிறகு போடும் கையெழுத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

பையனுக்கு முடிவுரையை மட்டும் திருத்தி எழுதி வர ஒரு வாரம் கொடுத்தோம். வந்தான். மூன்றே வாக்கியம். "நான் அளந்தவற்றில் ஆற்றோர நீரில் உப்பு அதிகம். அதில் பெரும்பகுதி போர், கிணறு வித்தியாசத்தால் இருக்கலாம். போரைப் போரோடு ஒப்பிட்டால் மிஞ்சும் வித்தியாசம் எதனால் என்று இந்தத் தரவிலிருந்து சொல்ல முடியாது." முதல் அறிக்கையை விட இதற்குத்தான் அதிகம் போட்டேன். அட்டையில் மட்டும் 'சாயக்கழிவின் தாக்கம்' என்று தங்க எழுத்து அப்படியே மின்னியது.

"அத மாத்தோணும்னா மறுக்கா பைண்டிங்குக்கு 250 ரூவா ஆகுமுங்க மேம்" என்றான்.