ஒரு பில்லில் ஆறு நம்பர்: எது பில் நம்பர்?

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் அக்கவுண்ட்ஸில் இருக்கும் வாசகர் கேட்கிறார்: “சப்ளையர் பில்லில் ஆறேழு நம்பர் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் நாங்கள் கொடுத்த ஆர்டரின் நம்பரை, அதாவது பி.ஓ. நம்பரை, பில் நம்பர் என்று ஏற்றிவிடுகிறான். பார்த்ததும் கண்டுபிடிக்க வழி உண்டா?”

உண்டு. நம்பரின் மேல் அச்சாகியிருக்கும் பெயரை மட்டும் நம்பாமல், அந்த நம்பரைக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டும்.

பெயரை நம்பினால் ஏன் வழுக்கும் என்பதை முதலில் பார்ப்போம். டேலியில் வழக்கமாக அச்சாகும் பில்லில், வலது மேல் மூலையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். பெயர் பொடி எழுத்தில் மேலே, மதிப்பு அதற்குக் கீழே. இன்வாய்ஸ் நம்பர், இ-வே பில் நம்பர், தேதி என்று பெயர்கள் ஒரே வரியில் ஓடும். மதிப்புகள் அடுத்த வரியில். ஸ்கேன் மங்கி, கட்டத்தின் கோடு மறைந்துவிட்டால் எந்த மதிப்பு எந்தப் பெயருக்கு என்று கண்ணும் தடுமாறும், மென்பொருளும் தடுமாறும்.

சரி, ஒரு கற்பனை பில்லை எடுத்துக்கொள்வோம். அதில் SKV/24-25/0412 என்று ஒன்று, 4500018873 என்று ஒன்று, DC/1187 என்று ஒன்று. கூடவே பன்னிரண்டு இலக்கத்தில் ஒன்று, பதினைந்து இலக்கத்தில் ஒன்று. பன்னிரண்டு இலக்கம் இ-வே பில்; பதினைந்து இலக்கம் இ-இன்வாய்ஸ் போர்ட்டல் தரும் அக்னாலெட்ஜ்மென்ட். இரண்டும் அரசுக் கணினி கொடுத்தவை, தள்ளிவிடலாம். 45-இல் தொடங்கும் பத்து இலக்கம் உங்கள் கம்பெனியின் எஸ்.ஏ.பி. மென்பொருளே போட்ட பி.ஓ. நம்பர். சப்ளையர் அதைத் திருப்பி அச்சடித்திருக்கிறார், அவ்வளவுதான். உங்கள் ஆர்டர் பட்டியலில் தேடினால் கிடைத்துவிடும். மிச்சம் இருப்பவை சப்ளையர் தானே போட்ட இரண்டு: பில் நம்பரும் டெலிவரி சலான் நம்பரும்.

ஜி.எஸ்.டி. விதி 46 கொஞ்சம் கை கொடுக்கும். பில் நம்பர் பதினாறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. எழுத்து, எண், சாய்கோடு, சிறுகோடு மட்டும். நிதியாண்டுக்குள் திரும்ப வராத தொடர் எண். ஆனால் சலான் நம்பரும் இதே அளவுக்குள் அடங்கிவிடுகிறதே!

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய சப்ளையர் என்றால், இன்னொரு கம்பெனிக்குப் போடும் பில்லில் ஐ.ஆர்.என். என்று 64 எழுத்து நீளத்தில் ஒரு சரம் இருக்கும். சப்ளையரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கையும் சேர்த்து SHA-256 என்ற கணக்கில் போட்டு அரைத்தால் வருவது அது. 0412 என்பதை 412 என்று மாற்றினாலே அந்தச் சரம் கலைந்து வேறாகிவிடும். அதே நான்கைத் திரும்பப் போட்டால் அதே சரம்தான் வரும். அதனால்தான் ஒரே நம்பரில் இரண்டாவது பில்லைப் பதியப் போனால் போர்ட்டல் பிடித்துவிடுகிறது. அந்த நான்கில் பி.ஓ. நம்பரும் இல்லை, சலான் நம்பரும் இல்லை. எது பில் நம்பர் என்ற கேள்விக்கான பதில் அந்தச் சரத்துக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

பூட்டைத் திறக்க நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. பக்கத்திலேயே இருக்கும் கியூ.ஆர். கட்டத்தில் விடை வெளிப்படையாகவே இருக்கிறது. அரசின் சரிபார்ப்புச் செயலியில் காட்டினால் கையெழுத்து சரியா என்றும் சொல்லும். உள்ளே இருப்பதில் நமக்கு வேண்டியது இவ்வளவுதான்:

```
"DocNo":"SKV/24-25/0412",
"DocTyp":"INV",
"DocDt":"12/11/2024"
```

DocTyp இடத்தில் CRN என்று வந்தால் அது பில்லே இல்லை, கிரெடிட் நோட். சில பில்களில் பணம் கட்டுவதற்கான யு.பி.ஐ. கியூ.ஆரும் இருக்கும், அதைக் காட்டிவிட்டு “ஒன்றும் வரவில்லை” என்று சொல்லாதீர்கள்.

இடையில் ஒன்று. எட்டு ஆகாது, கூட்டுத்தொகை ஒன்பது வர வேண்டும் என்று பில் நம்பரில் தாவித் தாவிப் போகும் வியாபாரிகள் உண்டு. விதி கேட்பது தொடர் எண், ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவமும் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போட்டீர்கள், எத்தனை ரத்து என்று கேட்கிறது. நியூமராலஜிக்கு அதில் கட்டம் கிடையாது. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

தப்பாக ஏற்றினால் என்ன ஆகும்? அந்த பில்லையே ஒருவர் பி.ஓ. நம்பரில் ஏற்றுகிறார், சப்ளையர் நினைவூட்டி அனுப்பிய நகலை இன்னொருவர் சரியான நம்பரில் ஏற்றுகிறார். இரண்டும் வேறு நம்பர் என்பதால் மென்பொருள் தடுக்காது, பணம் இரண்டு முறை போகும். ஒரே சப்ளையர், ஒரே தேதி, ஒரே தொகை என்று தேடினால் அகப்படும்.

அப்புறம், கியூ.ஆர். இல்லாத சின்ன சப்ளையர். அவருடைய பழைய பில்கள் மூன்றை எடுத்து வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு பில்லிலும் மாறி, ஏறிக்கொண்டே போகும் நம்பர்தான் பில் நம்பர். ஒரே ஆர்டரைப் பகுதி பகுதியாக அனுப்பினால் பி.ஓ. நம்பர் அசையாமல் நிற்கும். சலான் நம்பரும் ஏறத்தான் செய்யும். ஆனால் ஒரு பில்லில் இரண்டு மூன்று சலான் நம்பர் சேர்வதும் உண்டு, பில் நம்பர் ஒன்றே ஒன்றுதான். அதிலும் சந்தேகம் என்றால், சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலாக மாதம் 14-ஆம் தேதி வரும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யைப் பாருங்கள். சப்ளையர் கணக்குக் காட்டியிருந்தால், எந்த நம்பரில் காட்டினார் என்பது அதில் இருக்கும்.