வேரியேஷன் ஆர்டர்: கட்டுமான மாற்ற ஆணை

ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே உரிமையாளர் ஒன்றைக் கூட்டச் சொல்கிறார், குறைக்கச் சொல்கிறார், அல்லது வேறு மாதிரி செய்யச் சொல்கிறார். அந்த மாற்றத்தையும், அதனால் தொகையும் முடிவுத் தேதியும் எவ்வளவு நகர்கின்றன என்பதையும் பதிவு செய்யும் எழுத்து ஆணைதான் வேரியேஷன் ஆர்டர். தளத்தில் சுருக்கமாக ‘வி.ஓ.’ என்பார்கள். அமெரிக்க வழக்கில் இதன் பெயர் சேஞ்ச் ஆர்டர்.

வேரியேஷன் என்பதன் வேர் லத்தீன் ‘வேரியஸ்’. பலவிதமான, பலநிறமான என்று பொருள். ஆர்டரின் வேர் ‘ஓர்டோ’. முதலில் வரிசை, ஒழுங்கு என்றிருந்த சொல் பின்னால் கட்டளை என்ற பொருளையும் ஏற்றது. இந்தக் கட்டளைப் பொருள்தான் இங்கே முக்கியம். ஒப்பந்தம் இருவர் சேர்ந்து போட்டது. ஒருவர் மட்டும் அதை மாற்ற முடியாது. அதனால்தான் கட்டுமான ஒப்பந்தங்களில் ‘வேலையை மாற்ற உத்தரவிடலாம், ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டும், அதற்கு ஈடாகத் தொகையும் காலமும் திருத்தப்படும்’ என்று தனி விதி வைக்கிறார்கள். பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக் 1999-இல் வெளியிட்ட, சிவப்பு நூல் எனப்படும் மாதிரிக் கட்டுமான ஒப்பந்தத்தில் இது 13-ஆம் விதி. அளவு, தரம், மட்டம், இடம், பரிமாணம், கூடுதல் வேலை, வேலையை நீக்குதல், செய்யும் வரிசை என எதில் மாற்றம் வந்தாலும் அந்த விதிக்குள் அடங்கும்.

தமிழ்ச் சொல்லைத் தேர்வதில் சில இடறல்கள் உண்டு. ‘மாறுபாட்டு ஆணை’ சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் மாறுபாடு என்றதும் முரண்பாடு, கணக்கு வித்தியாசம் என்ற நினைப்பு வந்துவிடும். ‘பணி மாறுதல் ஆணை’ என்றால் ஊழியரை இடமாற்றம் செய்யும் உத்தரவு என்றே எவரும் படிப்பார்கள். ‘கூடுதல் பணி ஆணை’ எளிதாகப் புரியும், ஆனால் நீக்கிய வேலை அதற்குள் வராது. ‘ஒப்பந்தத் திருத்தம்’ வேறு செயல். இங்கே ஒப்பந்த விதிகள் அப்படியே நிற்க, வேலைதான் மாறுகிறது. ஆகவே ‘கட்டுமான மாற்ற ஆணை’ என்பதே பொருத்தம். கட்டுமானக் கோப்புக்குள் ‘மாற்ற ஆணை’ என்று சுருக்கினாலும் குழப்பம் வராது. உரிமையாளர் வாய்ச்சொல்லாகக் கேட்பதை ‘மாற்றக் கோரிக்கை’ என்று தனியாக அழைக்க வேண்டும். கோரிக்கையையே ஆணை என நம்பி வேலையைத் தொடங்குவதுதான் பல சண்டைகளுக்கு ஆரம்பம்.

ஒரு ஆணையைப் பிரித்துப் பார்ப்போம். பெரிய அறை ஒன்றைச் சுவர் வைத்து இரண்டாக்கித் தரும்படி உரிமையாளர் கேட்கிறார். சுவர் 4.0 மீட்டர் நீளம், 3.0 மீட்டர் உயரம், 100 மி.மீ. திட கான்கிரீட் கல், 0.9 × 2.1 மீட்டர் கதவு ஒன்று. ‘தடுப்புச் சுவர் ஒன்று, மொத்தத் தொகை இவ்வளவு’ என ஒரே வரியில் எழுதினால் பின்னால் யாராலும் சரிபார்க்க முடியாது. அளவுகளை விரித்தே எழுத வேண்டும். சுவரின் முழுப் பரப்பு 12.00 சதுர மீட்டர். கதவுத் திறப்பு 1.89 போனால் கல்கட்டு 10.11. இருபுறமும் பூச்சு 20.22, பெயின்ட்டும் அதே அளவு. திறப்புக்கு மேல் இருபுறமும் 150 மி.மீ. தாங்கலோடு 1.2 மீட்டர் லிண்டல். கதவை விட்டு இரு பக்கமும் சுவரடிப் பட்டை 6.2 மீட்டர். இத்தோடு கதவு, நிலை, பூட்டு.

இவை கண்ணுக்குத் தெரிபவை. விட்டுப்போவது பெரும்பாலும் பக்கத்து வேலை. அறையின் நடுவில் வரவேண்டிய விளக்குப் புள்ளி இப்போது சுவருக்கு நேர் மேலே விழுகிறது. அதை நீக்கி, இரண்டு அறைக்கும் தனித்தனி விளக்கும் சுவிட்சும் தர வேண்டும். நீக்கியதன் மதிப்பைக் கழித்தும், சேர்த்ததைக் கூட்டியும் காட்டுவதுதான் நேர்மையான கணக்கு. இன்னொன்று எடை. இந்தச் சுவர் பூச்சோடு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 700 கிலோ வரும். கீழே உத்தரம் இல்லாத கான்கிரீட் தளத்தில் அதை வைக்கலாமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து எழுதித் தராமல் ஆணை வெளியே போகக் கூடாது. அவர் இலகுக் கல்லுக்கு மாற்றச் சொன்னால் வீதமும் மாறிவிடும்.

வீதத்தை எங்கிருந்து எடுப்பது? அதே வேலை ஒப்பந்த வீதப்பட்டியலில் இருந்தால் அந்த வீதம். ஒத்த வேலை மட்டும் இருந்தால் அதிலிருந்து வருவித்த வீதம். இரண்டும் இல்லையென்றால் ஆள், பொருள், கருவிக் கணக்கில் புது வீதம். பூச்சு ஆட்கள் தளத்தைவிட்டுப் போன பிறகு 20 சதுர மீட்டருக்காக மறுபடி வரவழைத்தால், பெரிய அளவுக்குப் பேசிய வீதம் கட்டுப்படியாகாது. அந்தக் காரணத்தையும் ஆணையின் கணக்குக் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

காலக் கணக்கில்தான் அதிகம் தவறுகிறார்கள். கல்கட்டும் லிண்டலும் 2 நாள், குழாய் பதிப்பும் சுவிட்ச் பெட்டியும் 1 நாள், பூச்சு 2 நாள், நீராற்றுதல் 7 நாள், ஆக 12 நாள். இதை அப்படியே நீட்டிப்பாகக் கேட்பது தவறு. ‘சின்னச் சுவர்தானே’ என்று காலப் பாதிப்பு இல்லை என எழுதுவதும் தவறு. அட்டவணையில் அந்த அறைக்கு எத்தனை நாள் ஃப்ளோட் இருக்கிறது, அதாவது எத்தனை நாள் தாமதித்தாலும் கட்டடத்தின் முடிவுத் தேதி நகராது என்று பார்க்க வேண்டும். 8 நாள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் நீட்டிப்பு 4 நாள். மேற்பார்வை, காவல், சாரம், வாடகைக் கருவி ஆகியவற்றின் அன்றாடத் தளச் செலவு அந்த 4 நாளுக்கு மட்டும் சேரும்.

குறிப்பின் கடைசிப் பகுதி இப்படி அமையும். எந்த நாணயமானாலும் வடிவம் இதுதான்:

சேர்த்த வேலை: 1,850
நீக்கிய வேலை: கழிக்க 120
தளச் செலவு, 4 நாள் × 90: 360
இந்த ஆணையின் நிகரத் தொகை: 2,090
மூல ஒப்பந்தத் தொகை: 1,00,000
முந்தைய ஆணைகள்: 3,400
திருத்திய ஒப்பந்தத் தொகை: 1,05,490
மூலக் காலம் 180 நாள், முந்தைய நீட்டிப்பு 3, இப்போது 4. திருத்திய காலம் 187 நாள்

முந்தைய ஆணைகளையும் சேர்த்து ஓடும் மொத்தத்தைக் காட்டாத குறிப்பை நான் முழுமையானதாக ஏற்கமாட்டேன். ஒவ்வொன்றும் சிறிதாகத் தெரிந்து, கடைசிப் பட்டியலில்தான் உரிமையாளருக்கு மொத்தம் தெரியவரும் என்பது அவருக்குச் செய்யும் அநியாயம். தலைப்பில் ஆணை எண், கேட்டவர், கேட்ட தேதி, திருத்திய வரைபட எண் ஆகியவை இருக்க வேண்டும். தேதி ஏன் என்றால், பல ஒப்பந்தங்களில் கூடுதல் தொகையோ காலமோ கேட்டு ஒப்பந்தக்காரர் அறிவிப்பு தருவதற்குக் கெடு உண்டு. 1999 ஃபிடிக் நூலில் அது 28 நாள்.

தொகை முடிவாகும் முன்பே வேலை தொடங்க வேண்டிய நெருக்கடியும் வரும். அப்போது ‘வேலையைத் தொடங்கலாம், தொகையும் காலமும் தற்காலிக மதிப்பீடு, இன்ன தேதிக்குள் இறுதியாகும்’ என்று எழுதி, ஒப்பந்தம் ஆணையிடும் அதிகாரம் தந்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். உரிமையாளரின் உறவினரோ தள மேற்பார்வையாளரோ போட்ட கையெழுத்து, அந்த அதிகாரம் எழுத்தில் இல்லாவிட்டால், வேலை நடந்ததற்குச் சாட்சியாகலாமே தவிர ஆணை ஆகாது.