டேப் கறுத்துவிட்டது என்பதற்காகப் பொதியை நம்பாதீர்கள்

சென்ற வாரம் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கிய வயிற்று அறுவைக் கருவிப் பொதி ஒன்றை அறுவை அரங்கில் பிரித்தபோது, கிருமி நீக்கம் சரியாக நடந்ததா என்று பார்க்க உள்ளே வைத்த காட்டிப் பட்டையில் கறுப்புக் கோடு பாதி வழியிலேயே நின்றிருந்தது. "வெளியே டேப் நன்றாகக் கறுத்திருக்கிறதே, பட்டைதான் கெட்டிருக்கும்" என்று அதை ஒதுக்கிவிட்டு வேறொரு பொதியைப் பிரித்தார்கள். கருவி வழங்கல் பிரிவில் இருக்கும் எங்களுக்கு மறுநாள்தான் தகவல் வந்தது. இரண்டாவது பொதி எந்த லோடில், அதாவது இயந்திரத்தின் எந்தச் சுற்றில், வெந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லேபிளில் தேதி மட்டுமே இருந்தது.

எத்தனை முறை சொன்னாலும் இந்த டேப் நம்பிக்கை போகமாட்டேன் என்கிறது. பொதி ஆட்டோகிளேவ் என்ற அந்த நீராவி இயந்திரத்துக்குள் போய் வந்தது என்பதை மட்டுமே டேப் சொல்லும். வேகாத பொதியும் வெந்த பொதியும் கலந்துவிடாமல் இருக்கத்தான் அதை ஒட்டுகிறோம். அது ஒட்டியிருப்பது துணியின் மேல். கத்தரியும் இடுக்கியும் கிடப்பது நடுவில். அந்த நடுவில் காற்று தங்கிவிட்டால் நீராவி அங்கே எட்டாது. வெளியே கோடு கறுத்துத்தான் இருக்கும். வெப்பம், நேரம், நீராவி மூன்றும் சேர்ந்தால்தான் உள்பட்டையின் கோடு முழுவதும் நகரும். டேப்பும் பட்டையும் முரண்பட்டால் பட்டையை நம்புங்கள். அன்று நடந்ததும் இதுதான்: இரண்டு பொதி கூடுதலாகக் கொள்ளட்டும் என்று இடைவெளியில்லாமல் திணித்திருந்தார்கள்.

பிறகு பதிவேட்டைப் புரட்டினேன். "24 பொதி, சரி." எது சரி? எந்த இயந்திரம், எத்தனையாவது லோடு, எந்தெந்தப் பொதி, எவ்வளவு வெப்பம், எத்தனை நிமிடம், உள்பட்டை என்ன காட்டியது, யார் பார்த்து விடுவித்தார்? ஒன்றும் இல்லை. அன்று இரண்டு இயந்திரங்களில் ஏழு லோடு ஓடியிருந்தது. தவறு ஒரு லோடில்; திரும்ப வாங்கியதோ ஏழு லோடின் பொதிகளையும். பயன்படுத்தி முடித்தவை எந்த நோயாளிக்குப் போயின என்பதைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

லேபிளில் இயந்திர எண், தேதி, லோடு எண் மூன்றையும் பொதியை உள்ளே ஏற்றும் முன்பே எழுதுங்கள். 134 டிகிரியில் ஓடும் இயந்திரத்தின் அச்சுச் சீட்டைப் பதிவேட்டின் அதே வரியில் ஒட்டுங்கள். கிருமி உண்மையிலேயே செத்ததா என்று பார்க்க வாரம் ஒருமுறையாவது லோடில் வைக்கும், கிருமி வித்துகள் அடங்கிய குப்பியோடு, வேகவைக்காத குப்பி ஒன்றையும் சேர்த்து அடைகாக்க வையுங்கள். வேகாத குப்பியில் வித்துகள் வளர்ந்து நிறம் மாற வேண்டும்; மாறாவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது. வெந்த குப்பி நிறம் மாறினால், கடைசியாகத் தேறிய சோதனைக்குப் பிறகு அந்த இயந்திரத்தில் வெந்த எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும். உடலுக்குள் பொருத்தும் தகடு, திருகு இருக்கும் லோடில் ஒவ்வொரு முறையும் குப்பி வையுங்கள், முடிவு வரும்வரை அனுப்பாதீர்கள்.

அரங்கில் இருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். பொதியைப் பிரித்ததும் பட்டையைப் பாருங்கள், லேபிளைக் கிழித்து நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள். கோடு நின்றுபோன பட்டையைக் குப்பையில் போடாமல், பொதியோடு உடனே எங்களிடம் அனுப்புங்கள்.