“ஒரே ஒரு கையெழுத்து, தங்கச்சி”: விடுதலைப் பத்திரம் எழுதுவதற்கு முன்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஊர்ப் பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணன் ஒரு காகிதத்தோடு வருவார். “பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்து போடும்மா. அப்புறம் நீ எப்ப வர்றியோ தெரியாது.” அழுது ஓய்ந்த கண்ணோடு தங்கையும் போட்டுவிடுவாள். அந்தக் காகிதம் பல நேரம் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பமாக இருக்கும், சில நேரம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமாக இருக்கும். மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகப்போகும், தன் பங்கையே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகவும் இருக்கலாம். மூன்றின் விளைவும் வேறு வேறு. எது எதுவென்று தெரியாமல் போட்ட கையெழுத்துத்தான் அடுத்த பத்து வருட வழக்குக்கு விதை.

சட்டம் நீளமானது இல்லை. இந்துக் குடும்பத்தில் ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாயார் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். இது 1956ஆம் வருடச் சட்டம். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, சீர் எவ்வளவு செய்தார்கள் என்ற கேள்வியே அதில் கிடையாது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்குச் சமமான பிறப்புரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பிரித்து முடித்த சொத்தை மட்டும் இது தொடாது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு விதி வேறு. அதற்கு இதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

இந்தப் பட்டியலில் எல்லோரும் தவறவிடும் ஆள் பாட்டி. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் மகனின் சொத்தில் ஒரு முழுப் பங்கு உண்டு. “வயசானவங்க, அவங்க எதுக்கு” என்று விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருடம் கழித்து பாட்டி போனபின், அவர் பங்கில் உரிமை கேட்டு சித்தப்பாவும் அத்தையும் வரும்போதுதான் விஷயம் புரியும். அதற்குள் வீடு விற்பனைக்கு வந்திருக்கும். வாங்குபவரின் வக்கீல் மூலப்பத்திரத்தைப் புரட்டி, “பாட்டி எப்ப இறந்தாங்க?” என்று ஒரே கேள்வியில் வியாபாரத்தை நிறுத்திவிடுவார்.

முதல் வேலை வில்லங்கம் பார்ப்பது. tnreginet.gov.in தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். அப்பா தான் சம்பாதித்த சொத்தைத் தன் வாழ்நாளிலேயே ஒரு பிள்ளைக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்திருந்தால், அந்தச் சொத்தில் பங்கு கேட்க எதுவும் இல்லை. அதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் சண்டை போடும் குடும்பங்கள் உண்டு. சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணிலும் தேடுங்கள். உயில் வில்லங்கத்தில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். உயிலைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருந்தால் போதும். மூலப்பத்திரம் அண்ணன் பீரோவில் பூட்டி இருந்தால் கெஞ்சத் தேவையில்லை. பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவுத் துறையிலேயே விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். விண்ணப்பம் இ-சேவை மூலம் போகும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிக்க வேண்டும், வட்டாட்சியர் தர வேண்டும். இங்கேதான் மகள்கள் காணாமல் போகிறார்கள். கல்யாணமான மகளின் பெயர் பிறந்த வீட்டு ரேஷன் அட்டையிலிருந்து எப்போதோ நீங்கியிருக்கும். விண்ணப்பித்தவர் குடும்ப உறுப்பினர் பட்டியலில் அவள் பெயரை எழுதியிருக்க மாட்டார். விசாரணை என்பது பல ஊர்களில் டீக்கடைப் பேச்சளவில் முடியும். ஆகவே, வாரிசு யாராக இருந்தாலும் மற்றவர் விண்ணப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், தானே விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ அப்பா பெயரோடு இருப்பது நல்ல ஆதாரம். பெயர் விடுபட்டுச் சான்றிதழ் வந்துவிட்டால் கோட்டாட்சியரிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள், ரசீதும் வாங்குங்கள். “நாளைக்கு வாங்க” என்பதற்கு ரசீது கிடையாது. அதனால்தான் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்.

இந்தச் சான்றிதழ் யார் வாரிசு என்று மட்டுமே சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. பட்டாவும் அப்படித்தான். பட்டா ஒருவர் பெயருக்கு மாறிவிட்டதால் மற்றவர் பங்கு அழிந்துவிடாது. ஆனால் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் ஒன்றைக் காட்டி ஒரே பெயரில் பட்டா வாங்கியபின், “நீங்கதான் சம்மதிச்சீங்களே” என்று அதையே நீட்டுவார்கள். எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா கேளுங்கள். அதற்கு யார் பங்கையும் விடத் தேவையில்லை.

உரிமையை உண்மையாகவே மாற்றுவது விடுதலைப் பத்திரம். ஒரு கணக்கைப் பார்ப்போம். அப்பா உயில் இல்லாமல் இறந்தார், பாட்டி முன்பே காலமானார். அம்மா, அண்ணன், தம்பி, தங்கை என நால்வர். வீட்டின் வழிகாட்டி மதிப்பு 30 லட்சம். ஆளுக்கு நாலில் ஒன்று, அதாவது ஏழரை லட்சம். பிள்ளைகள் மூன்று என்று மூன்றாகப் பிரிப்பது தவறு, அம்மாவுக்கும் ஒரு பங்கு. தங்கை தன் பங்கை விடுதலை செய்தால், குடும்ப உறுப்பினர்களுக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். ஏழரை லட்சத்துக்கு இரண்டும் சேர்த்து 15,000 ரூபாய். 2023 ஜூலையில் உச்சவரம்புகளை உயர்த்திய பிறகு தீர்வை 40,000, கட்டணம் 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. பத்திரம் எழுதுபவர் இதற்கு மேல் “ஆபீஸ் செலவு” என்று சொன்னால், எதற்கென்று கேளுங்கள்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது, யாருக்கு விடுகிறாள் என்பது. “அண்ணனுக்கு” என்று எழுதினால் அண்ணன் பாதி வீட்டுக்காரர், தம்பியும் அம்மாவும் கால் பங்கிலேயே நிற்பார்கள். “மற்ற மூவருக்கும்” என்று எழுதினால் மூவருக்கும் மூன்றில் ஒன்று. ஒரே சொல்லில் மாறும் இது, அடுத்த தலைமுறைச் சண்டையாக வெடிக்கும். பணம் பற்றிய வரி இன்னும் மோசம். “ரூபாய் ஐந்து லட்சம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிவிட்டு, “வீடு வித்ததும் தர்றேன்” என்பார்கள். கையெழுத்துக்குப் பின் அந்த வரிதான் சாட்சி. பணம் வங்கி வழியாக வரவேண்டும், காசோலை எண்ணோ பரிமாற்ற எண்ணோ பத்திரத்தில் இருக்கவேண்டும். சும்மா விட்டுக்கொடுக்கிறாள் என்றால் அப்படியே எழுதட்டும், பொய்த்தொகை வேண்டாம். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய, அது தெரியவந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் நீதிமன்றம் போகவேண்டும். சார்பதிவாளரிடம் போய் “மனசு மாறிட்டேன்” என்றால் எடுபடாது.

இன்னொரு வரியையும் நுழைப்பார்கள்: “தாயார் காலத்துக்குப் பின் வரக்கூடிய பங்கையும் விட்டுவிட்டேன்.” அம்மா உயிரோடு இருக்கும்வரை அவர் பங்கில் பிள்ளைகளுக்கு இருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே, உரிமை இல்லை. வராத உரிமையை எழுதிக்கொடுக்க முடியாது என்பதுதான் பொது விதி. மேலே சொன்ன கணக்கில், அம்மா உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய கால் பங்கு மூவருக்கும் போகும், தங்கைக்குப் பன்னிரண்டில் ஒன்று. ஆனால் அந்த எதிர்பார்ப்புக்கே பணம் வாங்கியிருந்தால் வழக்கு சிக்கலாகும். அந்த வரியை அடிக்கச் சொல்லிவிடுங்கள்.

குடும்பத்துக்குள் பங்கு பிரித்துக்கொண்டதாக நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய கூர்ச்சீட்டைப் பெரிதாக நம்பாதீர்கள். அசையாச் சொத்தில் பங்கை விடுவதற்குப் பதிவு கட்டாயம். பதிவில்லாத சீட்டைக் காட்டி வங்கிக் கடனோ தனிப் பட்டாவோ வாங்கப்போனால் அலைச்சல்தான் மிச்சம்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் கையெழுத்து வராத வீடுகள் உண்டு. அங்கே பெரும்பாலும் கணக்கு சரியாகவே இருக்கும், ஆனால் பேச்சு வேறு இடத்தில் சுற்றும். “கடைசி மூணு மாசம் ஆஸ்பத்திரியில யார் கிடந்தா?” என்பார் அண்ணன். “அப்பா மூச்சு வாங்கும்போது எனக்கு ஒரு போன் போட்டியா?” என்பாள் தங்கை. இருவரும் பங்கைப் பற்றிப் பேசுவதாகத்தான் நினைப்பார்கள். இதற்குச் சட்டத்தில் பங்கு ஒதுக்கவில்லை. பார்த்துக்கொண்டதற்காக நீதிமன்றம் தானாக ஒரு சென்ட் கூட்டித் தராது, கடைசியாக முகம் பார்க்க விடாததற்கு நஷ்டஈடும் தராது. ஆனால் அண்ணன் கட்டிய மருத்துவமனை பில்லுக்கு வழி உண்டு. ரசீதுகளை எடுத்து வைத்து, அப்பாவின் வங்கி வைப்பிலிருந்து முதலில் அதைக் கழித்துவிட்டு மீதியைப் பிரிக்கலாம் என்று எல்லோரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம். தொகை சின்னதாக இருந்தாலும், “நீ செஞ்சதை நாங்க பார்த்தோம்” என்று காகிதத்தில் நிற்பதால் பல அண்ணன்கள் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். வங்கியில் அண்ணன் பெயர் நியமனதாரராக இருந்தால் பணம் அவர் கைக்கு வரும், அவ்வளவுதான். வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பாளர் அவர், சொந்தக்காரர் இல்லை.

தங்கையின் பிடிவாதத்துக்கும் காரணம் உண்டு. விடுதலைப் பத்திரம் எழுதினால் அந்த வீட்டுக்குள் நுழைய இனி ஒரு காரணமும் மிச்சமில்லை என்று அவளுக்குத் தோன்றும். அப்பா போய்விட்டார், வீடும் போகிறது. பணத்தைக் கூட்டிக்கொடுத்து இதைத் தீர்க்க முடியாது. அவசரமில்லை என்றால் கூட்டுப் பட்டாவோடு வருட திதி வரைக்கும் நிறுத்துங்கள், பங்கு எங்கும் ஓடிவிடாது. அம்மா ஆயுள்வரை அங்கே வசிக்கும் உரிமையைப் பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்பாவின் கைக்கடிகாரம், சாய்வு நாற்காலி, பீரோவில் இருக்கும் பழைய கடிதங்கள் யாருக்கு என்பதை நிலத்துக்கு முன்பு பேசுங்கள். ஏக்கரில் விட்டுக்கொடுத்தவர்கள் நாற்காலியில் முறைத்துக்கொண்டு எழுந்துபோன வீடுகள் நிறைய.

பேச்சு முற்றிலும் நின்றுவிட்டால், நேராகப் பாகப்பிரிவினை வழக்குக்கு ஓடாதீர்கள். வழக்கு இரண்டு கட்டம்: முதல்நிலைத் தீர்ப்பு பங்கை மட்டும் சொல்லும். பிறகு ஆணையர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பு வரவேண்டும். முதல் கட்டத்தில் ஜெயித்தவர்கள் “கேஸ் முடிஞ்சது” என்று இனிப்பு வாங்கிவிட்டு வருடக்கணக்கில் ஏமாறுகிறார்கள். அதற்கு முன் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். உதவி எண் 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வழக்கு போடும் முன்பே எதிர்த்தரப்பை அழைத்து உட்கார வைப்பார்கள், நீதிமன்றக் கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது சிவில் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அதனால் அங்கே கையெழுத்துப் போடும் முன்பும் மேலே சொன்ன பெயர், பங்கு, பணம் மூன்றையும் ஒருமுறை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். வரிசையில் ஆள் நிற்கிறார்கள் என்று அவசரப்படுத்துவார்கள். நிற்கட்டும்.