மணல் தண்ணீரைத் தடுக்காது: மேல்மாடிக் குளியலறைப் பள்ளத்தைப் பற்றி

கிளிநொச்சிப் பக்கம் இன்னுமொரு வீடு. மேலே குளியலறை, அதற்கு நேர் கீழே ஹோலின் சிலாப்பில் மஞ்சள் கறை, பெயிண்ட் உரிந்து தொங்குகிறது. "மழைத்தண்ணிதான் தம்பி இறங்குது" என்று வீட்டுக்கார ஐயா மொட்டைமாடிக்கு இரண்டு தரம் தண்ணி தடுக்கும் பூச்சு அடித்துவிட்டார். மழையில்லாமல் சோளகம் வீசும் ஆடி மாதத்தில் கறை பெருத்தால் அது மழைத்தண்ணி இல்லை, ஐயா. குளியலறைத் தண்ணி.

பைப் ஓடுவதற்காகக் குளியலறைச் சிலாப்பைப் பள்ளமாகத் தாழ்த்தி வார்த்து, பைப் வைத்த பின் மணலோ செங்கல் துண்டோ நிரப்புவார்கள். மேசன்மாரிடம் கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: "மேல டைல்ஸ் ஒட்டியாச்சு, கீழ மணல் நிரப்பியாச்சு, தண்ணி எப்பிடி இறங்கும்?" இந்த நம்பிக்கையைத்தான் உடைக்க வேண்டும். டைல்ஸ் தண்ணியை விடாது, சரி. ஆனால் டைல்ஸுக்கு இடையில் உள்ள இணைப்பு விடும். கொமட்டைச் சுற்றியும் தண்ணி போகும் வாயைச் சுற்றியும் வரும் மயிரிழை வெடிப்பு விடும். அப்படி இறங்கும் தண்ணியை மணலும் தடுக்காது, செங்கல் துண்டும் தடுக்காது. இரண்டும் அதைச் சேர்த்து வைக்கும்.

எவ்வளவு சேர்க்கும் என்று கணக்குப் பாருங்கள். இந்த வீட்டுக் குளியலறை 8 அடிக்கு 5 அடி, பள்ளம் 1 அடி. மேல் காரைக்கும் டைல்ஸுக்கும் 3 அங்குலம் விட்டால் நிரப்ப வேண்டியது 9 அங்குலம். அதாவது 30 கன அடி. கியூப் ஒன்றுக்கு 100 கன அடி என்பதால் மூன்றில் ஒரு கியூப்பும் வராது. அமர்வதற்கும் சிந்துவதற்கும் சேர்த்து 35 கன அடி எடுத்தால் போதும். பள்ளத்தில் நிறையும் 30 கன அடி மணலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். ஆகவே அந்த டைல்ஸுக்கு அடியில் 280 லீற்றர் வரை தண்ணி கிடக்கலாம். உலர்ந்த மணல் 1.4 தொன் அளவில் இருக்கும், ஊறினால் 1.6 தொன்னைத் தாண்டும். வீட்டுக்காரர் பத்து நாள் ஊரில் இல்லாவிட்டாலும் கீழே சொட்டுவது நிற்காததற்குக் காரணம் இந்தச் சேமிப்புத்தான். குழாயெல்லாம் பூட்டிய இரவில் தாங்கித் தண்ணி மட்டம் இறங்குகிறதா என்றும் பாருங்கள். இறங்கினால் பழுது தண்ணி வரும் பைப்பில். இறங்காவிட்டால் பள்ளத்தைச் சந்தேகியுங்கள்.

டைல்ஸை உடைத்துப் பார்த்தோம். மணல் சேறாகக் கிடந்தது. பூச்சு அடித்திருந்தார்கள், ஆனால் அடித்தளத்துக்கு மட்டும். "நாற்பது சதுர அடிதானே" என்று அந்த அளவுக்கு மட்டும் பூச்சு வாளி வாங்கியிருக்கிறார்கள். பள்ளம் ஒரு தொட்டி. அதன் சுவருக்கும் பூச்சு ஏற வேண்டும், முடிந்த தரைக்கு மேலும் 1 அடியாவது ஏற வேண்டும். சுற்றளவு 26 அடி, உயரம் 2 அடி, ஆக 52 சதுர அடி. அடித்தளத்தோடு சேர்த்தால் 92. ஷவர் பக்கத்துச் சுவருக்குத் தலை உயரத்துக்கு அடிக்க வேண்டியது வேறு. இதை இரண்டு கோட் அடிக்க வேண்டும், இரண்டாவது கோட் முதலாவதற்குக் குறுக்காக. அதற்கு முன்னரே மூலைகளைக் காரையால் சரிவாக உருட்டி, பைப் துளைக்கும் இடங்களைச் சுருங்காத காரையால் அடைத்திருக்க வேண்டும். தண்ணி பெரும்பாலும் இறங்குவது பைப்பின் ஓரத்தால்தான்.

பூச்சு காய்ந்ததும் நிரப்ப ஓடாதீர்கள், தயவுசெய்து. பள்ளத்தில் பைப் ஓரங்கள் மூழ்கும்வரை தண்ணி கட்டி 48 மணிநேரம் விடுங்கள். வன்னி வெயிலில் கொஞ்சம் ஆவியாகும். ஆகவே மட்டத்தை மட்டும் நம்பாமல் கீழே இறங்கிச் சிலாப்பின் அடியைப் பாருங்கள். இரண்டு நாளை மிச்சம்பிடித்தவர்கள் பிறகு டைல்ஸ் முழுவதையும் உடைக்கிறார்கள். மேல் இணைப்புகளை மட்டும் திரும்ப அடைத்தால் உள்ளே ஊறிய மணல் எங்கும் போகாது.

மணலா செங்கலா என்றால் நான் செங்கல் துண்டைத்தான் சொல்வேன். கையால் நெருக்கி அடுக்கி இடையில் மெலிந்த காரை விட்டால் அது அமராது. மணல் அமரும், பைப் இணைப்பு இழுபடும், டைல்ஸ் அடியில் வெற்றாகி டொக் டொக் என்று சத்தம் வரும். ஆனால் செங்கலின் கூர் பூச்சைக் கிழிக்கும். முதலில் பூச்சுக்கு மேல் முக்கால் அங்குலக் காரையைப் பாதுகாப்பு அடுக்காகப் போடுங்கள், செங்கலை மேலிருந்து கொட்டாதீர்கள். மணல்தான் என்றால் ஆற்று மணல் மட்டும். முல்லைத்தீவுப் பக்கம் கடல் மணலை அள்ளிப் போடுவது கம்பிக்கு உப்பு ஊட்டுகிற வேலை.

நிரப்பிய பின் மேல் காரைக்கும், டைல்ஸ் ஒட்ட முன்னர், இன்னொரு பூச்சு வேண்டும். பள்ளத்தின் தாழ்ந்த மூலையிலிருந்து வெளிச்சுவருக்கு ஒன்றரை அங்குலப் பைப் ஒன்றும் விடுங்கள். உள்வாயில் வலையும் சல்லியும் வைத்தால் மணல் அடைக்காது. அந்தப் பைப் சொட்டத் தொடங்கினால் மேலே எங்கோ இணைப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். ஹோலில் கறை வருமுன் ஆளைக் கூப்பிட அவகாசம் இருக்கும்.