முதலாளியை விட்டு நேரடி விற்பனைக்குப் போகுமுன் ஒரு பாவுக் கணக்கு

குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கைலிகளுக்கு நல்ல பெயர் இருக்கிறது. அந்தப் பகுதியிலிருந்து என்னிடம் கணக்குப் பார்க்க வந்த ஒரு தம்பதியின் வீட்டில் இரண்டு குழித்தறிகள் ஓடுகின்றன. கணவரும் மனைவியும் நெய்கிறார்கள், மாமியார் தார் சுற்றுகிறார். அந்த அம்மாள் உட்காருவதற்கு முன்பே கேட்டது இதுதான்: “கடையில் 700 ரூபாய்க்கு விற்கிறார்கள், எங்கள் கைக்கு 180 வருகிறது. மிச்சம் 520 எங்கே போகிறது, சார்?”

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 520 முழுவதும் இடைத்தரகரின் மடிக்குப் போவதில்லை. 180 என்பது கூலி மட்டும். நூல், சாயம், கஞ்சி, பாவு ஓட்டும் செலவு எல்லாம் கூலிக்கு நெய்ய வைக்கும் முதலாளி போட்டது. நேரடியாக விற்கத் தொடங்கும் நாளில் இந்தச் செலவு முழுவதும் நெசவாளர் தலையில் வந்து விழும். ஆகவே ஒரே ஒரு பாவை, அதாவது தறியில் ஒரு தடவை ஏற்றும் நீளவாக்கு நூலை, எடுத்துக்கொண்டு தாளில் போட்டுப் பார்த்தோம்.

அவர்கள் ஓட்டும் பாவில் 20 கைலி கிடைக்கும். பாவுக்கும் ஊடைக்கும் சேர்த்து ஏறக்குறைய 5 கிலோ நூல். அவர்கள் விசாரித்து வந்த விலையில் சாயம் போட்ட நூல் கிலோ 560 ரூபாய், ஆக 2,800. கஞ்சி போட்டு, பாவு ஓட்டி, பிணைக்க 600. இதோடு இருவரின் கூலியையும் பழைய கணக்கிலேயே 3,600 என்று வைத்தால், 20 கைலிக்கு 7,000 ரூபாய் ஆகிறது, ஒன்றுக்கு 350. தங்கள் சொந்தச் சரக்கு என்றவுடன் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அப்படிப் போட்டால் எந்த விலையும் லாபமாகத்தான் தெரியும்.

விலை 600 என்று முடிவு செய்தார்கள். 20-இல் இரண்டு கைலியாவது இழை அறுந்தோ கறை பட்டோ இரண்டாம் தரமாகப் போகும். அவற்றை உள்ளூரில் 300-க்குத் தள்ளிவிடலாம். மீதி 18 கைலியும் விற்றால் 10,800, இரண்டாம் தரத்துக்கு 600, மொத்தம் 11,400. பொட்டலம் கட்டிக் கூரியரில் அனுப்ப ஒன்றுக்கு 70 வீதம் 1,260 போகிறது. 7,000 அடக்கத்தையும் கழித்தால் 3,140 மிஞ்சுகிறது. கூலிக்கு மேல் கைலிக்கு 157 ரூபாய். பரவாயில்லை.

அடுத்து நான் கேட்டது, 18-இல் 12 மட்டும் விற்றால் என்ன ஆகும் என்று. வரவு 7,800, செலவு 7,840. அதாவது ஆறு கைலி பீரோவில் தங்கிவிட்டாலே லாபம் முழுவதும் அந்தப் பீரோவுக்குள் இருக்கிறது என்று பொருள். இடைத்தரகர் எடுத்துக்கொள்ளும் பணத்தில் ஒரு பங்கு, விற்காத சரக்கைச் சுமப்பதற்கான விலை. அவருக்குப் பல கடைகள் இருக்கின்றன. ஒரு கடையில் போகாத நிறம் இன்னொன்றில் போகும். ஒரு குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை.

கைமுதல் வேறு பிரச்சினை. ஒரு தறியில் ஒரு பாவு முடிய இரண்டு வாரம் ஆகிறது. தறியில் ஒன்று, விற்பனைக்குக் காத்திருப்பது ஒன்று, நூலாகச் சாயப்பட்டறையில் ஒன்று என்று எப்போதும் மூன்று பாவின் பணம் முடங்கிக் கிடக்கும். நூல் முதலான செலவு 10,200, வாராவாரம் வந்துகொண்டிருந்த கூலிக்கு ஈடாக வீட்டுச் செலவுக்கு 10,800. ஒரு தறியை நேரடி விற்பனைக்குத் திருப்பவே 21,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். இதைக் கந்துவட்டிக்கு வாங்கினால் மேலே சொன்ன 157 அங்கேயே கரைந்துவிடும். நெசவாளர் முத்ரா கடனில் நெசவாளருக்கு வட்டி 6 சதவீதம். சிட்டா நூலுக்கு மத்திய அரசின் மூலப்பொருள் திட்டத்தில் 15 சதவீத விலை மானியம் உண்டு. இரண்டுக்கும் நெசவாளர் அடையாள அட்டை வேண்டும். கணவருக்கு இருந்தது, மனைவிக்கு இல்லை. தறியில் பாதி வேலை செய்பவருக்கு அட்டை இல்லாத வீடுகள் ஏராளம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 5 கிலோ நூலை மூன்று நிறமாகப் பிரித்துக் கொடுத்தால் சாயப்பட்டறைக்காரர் கூலியை ஏற்றுவார், அல்லது அடுத்தவர் சரக்கோடு சேர்த்து அவசரமாக முக்கி எடுப்பார். மூன்று பாவுக்கும் ஒரே நிறத் தொகுப்பை வைத்துக்கொண்டு, கட்டங்களின் அளவை மட்டும் மாற்றினால் 15 கிலோவாகக் கொடுக்கலாம். நூல் வந்ததும் ஒரு சிட்டத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சாயம் போனால் முன்பு வசவு வாங்கியவர் முதலாளி. இனி கைலி திரும்பி வருவது உங்கள் முகவரிக்கு.

இவர்களுக்கு முதலில் கிடைத்த பெரிய வாய்ப்பு, புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகள் வரும் ஒரு கடை. விற்ற பிறகு பணம், கடைக்கு 35 சதவீதம் என்றார்கள். 600 ரூபாய் விலையில் குடும்பத்துக்கு 390 வரும், அடக்கம் போக 40. அந்தக் கடைக்கு விலையை 750 ஆக்கினால்தான் 487 கிடைக்கும். அப்படியானால் வாட்ஸ்அப்பில் அதே கைலியை 600-க்கு விற்க முடியாது. கடைக்காரர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். கடைக்கென்று தனிக் கட்டம் போடுவது என்று ஏற்பாடானது.

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் பார்வையில் அது வெளிமாநில விற்பனை. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. எல்லை தாண்டிய விற்பனைக்கு அந்த வரம்பு செல்லாது. பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கைவினைப் பொருள்களுக்கு மட்டும் 20 லட்சம் வரை விலக்கு இருக்கிறது, கைத்தறிப் பொருள்களும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியல், பொருளின் வகையைக் குறிக்கும் எச்.எஸ்.என். எண்களோடு வருவதால், உங்கள் பொருளின் எண் அதில் பொருந்துகிறதா என்று முதல் சரக்கு கிளம்பும் முன் கணக்கரிடம் காட்டிவிடுங்கள். விலக்கு பெற பான் எண் கட்டாயம். அதோடு, 50,000 ரூபாய்க்குக் கீழான சரக்குக்கு இ-வே பில் என்ற இணையவழிச் சரக்குச் சீட்டு வேண்டாம் என்ற வழக்கமான சலுகை இங்கே கிடையாது. பதிவு இல்லாமல் கைவினைப் பொருளை எல்லை தாண்டி அனுப்புகிறவர், மதிப்பு எதுவானாலும் இ-வே பில் எடுக்க வேண்டும். பத்துக் கைலி அனுப்பினாலும் சரிதான். பதிவு இல்லாதவர் பெரிய இணையச் சந்தைகளில் விற்க 2023 அக்டோபரிலிருந்து வழி இருக்கிறது. ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே.

இத்தனையும் பார்த்தபின் அவர்கள் முதலாளியை விடவில்லை. ஒரு தறி அவருக்கு, ஒரு தறி தங்களுக்கு. முன்பணம் 30,000 பாக்கி இருந்ததால் சொல்லாமல் செய்ய முடியாது. நேரில் போய்ச் சொன்னார்கள். அவர் முகம் சுளித்தாலும், ஒரு தறியின் கூலியில் மாதாமாதம் பிடித்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டார். நான் இரண்டு விஷயங்களை எழுதி வாங்கச் சொன்னேன்: அவர் கொடுத்த கட்ட வடிவம் எதையும் இவர்கள் விற்கக் கூடாது, அவருடைய பாவில் மிஞ்சும் நூலை எடைபோட்டுத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். மிச்ச நூல் ஒரு கிலோகூட இருக்காது. ஆனால் நேரடி விற்பனை தொடங்கிய வீட்டின் மீது வரும் முதல் புகார், “என் நூலில் நெய்து விற்கிறார்கள்” என்பதுதான். அந்த ரசீது இல்லாவிட்டால் இரண்டாவது தறிக்கும் வேலை நின்றுபோகும்.